தூக்கத்தில் பல் கடிப்பதும் எழுந்து நடப்பதும்: எது சாதாரணம், டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

"பையனுக்கு ஆறு வயசு முடிஞ்சிருக்கு. ஒரு வருஷமாவே ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறான். போன மாசம் ரெண்டு தடவை படுக்கையில இருந்து எந்திரிச்சு வாசக்கதவு வரைக்கும் போயிட்டான். கண்ணு திறந்திருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல, காலைல கேட்டா எதுவுமே ஞாபகம் இல்லங்கிறான். பத்தரைக்குத் தூங்குவான், ஸ்கூல் வேனுக்காக ஆறேகாலுக்கு எழுப்பிடுவோம். கொஞ்சம் குறட்டை உண்டு. சளிக்கு ரெண்டு மாசமா ஒரு சிரப் போகுது. வயித்துல பூச்சின்னு மாமியார் சொன்னாங்க, பூச்சி மருந்து கொடுத்தும் பல்லு கடிக்கிறது நிக்கல. பயப்படணுமா? டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?"

பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். பல் கடிப்பதும் நடப்பதும் இந்த வயதில் சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். நான் காட்டச் சொல்வது அந்த இரண்டுக்காக அல்ல, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன மூன்று விஷயங்களுக்காக: குறட்டை, ஏழே முக்கால் மணி நேரத் தூக்கம், இரண்டு மாதமாகப் போகும் சிரப். பல் கடிப்பும் நடையும் பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும், இரண்டுமே தூக்கம் பாதியில் கலையும் நேரத்தில் வருபவை. அதனால் பல்லையும் காலையும் விட, இவன் தூக்கத்தை எது கலைக்கிறது என்று தேடுவதுதான் பயன்படும்.

முதலில் பூச்சி. உங்கள் மாமியார் மட்டும் சொல்வதல்ல. நம் ஊரில் பல்லைக் கடித்தால் பூச்சி என்று சொல்லாத வீடு கிடையாது. குடற்புழு பல்லைக் கடிக்க வைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மருந்து கொடுத்ததில் தவறும் இல்லை. தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் வருடத்துக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் ஒரு வேளை 400 மில்லிகிராம். அது ரத்தசோகைக்கும் வளர்ச்சிக்கும் நல்லது. பல் கடிப்பு நிற்கவில்லை என்று மறுபடி மறுபடி கொடுப்பதுதான் வீண். ஒரே ஒரு விதிவிலக்கு கீரிப்பூச்சி. அது ராத்திரியில் ஆசனவாய்க்கு வந்து முட்டையிடும், குழந்தை அங்கே சொறிந்துகொண்டு புரளும், தூக்கம் கெடும். அப்படி அரிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை மருந்து தேவைப்படும், வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டியிருக்கும்.

இனி பல் கடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தூக்கத்தில் எல்லோருக்குமே மூளை சில விநாடிகள் லேசாக விழிப்பின் பக்கம் எட்டிப் பார்க்கும். நமக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் இதயத் துடிப்பு சற்றுக் கூடும், மூச்சு ஆழமாகும், கூடவே தாடைத் தசை இறுகி விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் அசைபோடும். மேல்பல்லும் கீழ்பல்லும் உரசினால் உங்களுக்குக் கேட்கும் அந்த நறநற. பெரும்பாலும் லேசான தூக்கத்தில்தான் இது வரும். அறை முழுக்கக் கேட்கும் சத்தமாக இருந்தாலும் குழந்தைக்கு வலியே இருக்காது. சத்தம் பெரிதாக இருப்பதால் பாதிப்பும் பெரிது என்று அர்த்தமில்லை. சத்தமே இல்லாமல் பல்லை இறுக்கிக்கொண்டு தூங்கும் குழந்தைக்குத் தாடை அதிகமாக வலிக்கலாம்.

பல் முளைக்கும்போதும், பால்பல் விழுந்து நிலைப்பல் வரும் வயதிலும் இது அதிகம். பத்து, பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். இடையில் பல்லுக்கு என்ன ஆகிறது என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். காலையில் பல் தேய்த்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, மேல் உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லின் நுனியைப் பாருங்கள். கூர்மையாக இருக்க வேண்டிய நுனி, அரம் போட்டது போலத் தட்டையாகப் பளபளவென்று இருந்தால் அது உரசிய தடம். பால்பல்லில் இது இருப்பது பெரிய விஷயமில்லை, அந்தப் பல் எப்படியும் விழப்போகிறது. தட்டையான இடத்தின் நடுவில் மஞ்சளாகத் தெரிந்தால், வெளிப்பூச்சான எனாமல் தேய்ந்து உள்ளடுக்கு வந்துவிட்டது என்று பொருள். பல் டாக்டர் பார்க்க வேண்டும். தட்டையாக இல்லாமல் கடைவாய்ப்பல் மேல் சின்னச் சின்னக் குழிகளாக இருந்தால் அது உரசல் வேலை இல்லை, அமிலத்தின் வேலை. பாட்டில் பானம், எதுக்களிப்பு என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஆறு வயதில் இன்னொரு பல்லையும் கவனியுங்கள். பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் பக்கத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் முளைக்கும். பால்பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், ஆயுசுக்கும் அதுதான். அதில் தேய்மானம் தெரிந்தாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசினாலோ, காலையில் எழுந்ததும் பொட்டு வலிக்கிறது, தாடை வலிக்கிறது, வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை என்றாலோ பல் டாக்டரிடம் போங்கள். கடையிலோ ஆன்லைனிலோ விற்கும் ரப்பர் பல் உறையை வாங்கி மாட்ட வேண்டாம். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயது. பற்கள் விழுவதும் முளைப்பதுமாக இருக்கும்போது இன்று பொருந்தும் உறை மூன்று மாதத்தில் பொருந்தாது. தூக்கத்தில் கழன்று தொண்டைப் பக்கம் போகும் அபாயமும் உண்டு. இந்த வயதில் பல் டாக்டர்களும் அதை அரிதாகத்தான் தருவார்கள்.

நடப்பது வேறு மாதிரி. அது லேசான தூக்கத்தில் வருவதில்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி வெளியே வரும்போது வருவது. குழந்தைகளுக்கு ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் குவிந்திருக்கும். அதனால்தான் தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பார்கள். அந்த நேரத்தில் கை, கால், கண்ணை இயக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. யோசிக்கும் பகுதியும் நினைவில் பதியும் பகுதியும் தூங்கிக்கொண்டே இருக்கின்றன. கண் திறந்திருந்தும் உங்களைப் பார்ப்பதில்லை, காலையில் ஒன்றும் ஞாபகமில்லை என்பதெல்லாம் இதனால்தான். அவன் மறைக்கவில்லை. "நேத்து ராத்திரி என்ன பண்ணினே தெரியுமா" என்று உறவினர் முன்னால் கேட்டுச் சிரிக்க வேண்டாம். ஞாபகமே இல்லாத ஒன்றுக்கு வெட்கப்பட்டு, படுக்கவே பயப்படுவான்.

எவ்வளவு சகஜம் என்பதற்குக் கனடாவின் க்யூபெக்கில் பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வு நல்ல அளவுகோல். 2015-ல் வெளியான அதன் முடிவின்படி பத்து வயதில்தான் நடை உச்சம், சுமார் 13 சதவீதம். பெற்றோர் இருவருக்கும் சிறுவயதில் அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைகளில் 22 சதவீதம் பேர் எப்போதாவது நடந்திருக்கிறார்கள்; ஒருவருக்கு இருந்தால் 47, இருவருக்கும் இருந்தால் 61 சதவீதம். எனவே இன்று ராத்திரி உங்கள் அம்மாவையும் மாமியாரையும் கேளுங்கள்: "நாங்க சின்ன வயசுல நடந்திருக்கோமா?" பூச்சியைவிட இந்தக் கேள்விக்குத்தான் மாமியாரிடம் உருப்படியான பதில் கிடைக்கும். இரண்டு மூன்று வயதில் ராத்திரி வீரிட்டு அலறி, வியர்த்து, தூக்கினாலும் அடையாளம் தெரியாமல் தள்ளிவிடும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். அப்படி அலறியவர்களில் சிலர் பிறகு நடப்பார்கள்.

நடக்கும்போது என்ன செய்வது? உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். எழுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் கதை. எழுப்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், பாதித் தூக்கத்தில் பிடித்து இழுத்தால் அவன் மிரண்டு கைகாலை வீசுவான், அல்லது ஓடுவான். பக்கவாட்டில் நின்று, தோளில் லேசாகக் கை வைத்து, தாழ்ந்த குரலில் "வா, படுத்துக்கலாம்" என்று திருப்பிக் கூட்டிவாருங்கள். வழியில் பாத்ரூம் போகவைப்பது நல்லது. சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதும் எழுந்திருக்க ஒரு காரணம். தூக்கத்தில் நடக்கும் குழந்தை பீரோ மூலையில் சிறுநீர் கழிப்பதும் அதனால்தான். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும்.

நடையில் உண்மையான ஆபத்து ஒன்றுதான், அடிபடுவது. உங்கள் பையன் வாசற்கதவு வரை போயிருக்கிறான் என்பதால் இதை இன்றைக்கே செய்யுங்கள். வாசற்கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் பால்கனிக்கும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் மேல்தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விடாதீர்கள். தூக்கத்திலேயே சாவி திருகும் குழந்தைகள் உண்டு. அவன் படுக்கும் அறைக் கதவில் சலங்கையோ சின்ன மணியோ கட்டினால் உங்களுக்குச் சத்தம் கேட்கும். அடுக்குக் கட்டிலின் மேல் தட்டு கூடவே கூடாது, தரையில் மெத்தை போட்டால் இன்னும் நல்லது. கிணறு, தரைத்தொட்டி இருந்தால் மூடி. படிக்கட்டு இருந்தால் மேலும் கீழும் தடுப்பு. படுக்கையிலிருந்து கதவு வரையிலான தரையில் பொம்மையும் செருப்பும் கிடக்கக் கூடாது. அவனை அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிடாதீர்கள். தீ, காய்ச்சல் என்று ஏதாவது நடந்தால் அதுவே ஆபத்தாகும்.

இப்போது அந்த மூன்று விஷயங்கள். எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

பத்தரையிலிருந்து ஆறேகால் வரை ஏழே முக்கால் மணி நேரம். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. ஆக, குறைந்தபட்சக் கணக்கிலேயே தினமும் ஒன்றேகால் மணி நேரம் கடன். தூக்கம் பற்றாத உடல் அடுத்த வாய்ப்பில் ஆழ்ந்த தூக்கத்தை அள்ளிப் போட்டுக்கொள்ளும். அவ்வளவு ஆழத்திலிருந்து குழந்தை சுலபமாக முழு விழிப்புக்கு வராது, பாதியில் நின்றுவிடும். நடப்பதற்குத் தோதான நிலைமை அதுதான். போன மாதம் நடந்த அந்த இரண்டு ராத்திரிகளையும் யோசித்துப் பாருங்கள்: கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த நாளா, காய்ச்சல் இருந்த நாளா, ரயிலில் வந்த மறுநாளா? பலமுறை விடை அங்கேயே இருக்கும்.

நாளைக்கே ஒன்பதேகாலுக்குப் படு என்றால் படுக்க மாட்டான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள்: பத்தேகால், பத்து, ஒன்பதே முக்கால், ஒன்பதரை, ஒன்பதேகால். பதினைந்து நாளில் வந்துவிடும். இதில் சறுக்கும் இடம் அநேகமாக ராத்திரிச் சாப்பாடு. அப்பா வரும் வரை காத்திருந்து ஒன்பதரைக்குச் சாப்பிடும் வீட்டில் ஒன்பதேகாலுக்குக் குழந்தை தூங்காது. அவனுக்கு மட்டும் ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரையிலிருந்து டிவியும் போனும் கிடையாது, படுக்கும் முன் பாத்ரூம். ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறைய அதே நேரம்.

அடுத்தது சிரப். இரண்டு மாதமாகச் சளிக்குப் போகிறது என்றால் அது மாண்டெலுகாஸ்ட் கலந்ததாக இருக்கலாம். அலர்ஜிக்கான லீவோசிட்ரிசினுடன் சேர்த்துக் குழந்தைகளுக்கு மிகப் பரவலாக எழுதப்படும் மருந்து. இப்போதே போய் பாட்டிலை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டு பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள உட்பொருள் பெயரைப் படியுங்கள். மாண்டெலுகாஸ்டுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மன மாற்றம், தூக்கத்தில் நடப்பது ஆகியவை அறியப்பட்ட பக்கவிளைவுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதன் மன நலப் பக்கவிளைவுகளுக்காக மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை, சிறுபான்மைக்குத்தான். ஆனால் உங்கள் கணக்கில் சிரப் ஆரம்பித்து இரண்டு மாதம், நடை ஆரம்பித்தது போன மாதம். பல் கடிப்பு ஒரு வருடமாக இருப்பதால் அதற்குச் சிரப்பைக் குறை சொல்ல முடியாது, நடைக்குச் சொல்லலாம். எழுதிக்கொடுத்த டாக்டருக்கு, அடுத்த விசிட்டுக்குக் காத்திராமல், போன் செய்து தேதிகளைச் சொல்லுங்கள். வெறும் சளிக்கு என்றால் நிறுத்திப் பார்க்கச் சொல்லக்கூடும். வீசிங் இருந்து அதற்காகக் கொடுத்தது என்றால் மாற்று மருந்து ஏற்பாடு செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும். வேறு சில மருந்துகளும் உண்டு: கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை பல் கடிப்பைக் கூட்டலாம்.

மூன்றாவது குறட்டை. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "கொஞ்சம் குறட்டை" என்று நீங்கள் எழுதியதைத்தான் எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். அப்பாவும் தாத்தாவும் குறட்டை விடும் வீட்டில் குழந்தையின் குறட்டை யார் காதிலும் விழாது. சளி பிடித்த வாரம் மட்டும் வரும் குறட்டையை விட்டுவிடலாம். சளி இல்லாதபோதும் வாரத்துக்கு மூன்று ராத்திரிக்கு மேல் என்றால் அது சாதாரணம் இல்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையின் இருபுறம் உள்ள டான்சிலும் மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயதுக்குள்தான் காற்றுக்குழாயின் அளவோடு ஒப்பிட மிகப் பெரிதாக இருக்கும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும்போது வழி இன்னும் குறுகும், மூச்சு திணறும், மூளை குழந்தையை அரைகுறையாக விழிக்க வைத்து மூச்சை மீட்கும். இது ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தால் ஒவ்வொரு அரைவிழிப்பும் பல்லைக் கடிக்க ஒரு வாய்ப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் நேர்ந்தால் எழுந்து நடக்கவும் ஒரு வாய்ப்பு. மூச்சு அடைப்புக்கு வைத்தியம் செய்ததும் பல் கடிப்பும் நடையும் பல குழந்தைகளுக்குக் குறைந்துபோவதும் அதனால்தான்.

எப்படிப் பார்ப்பது? இரண்டு நேரம் பாருங்கள். தூங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, விடிகாலை நாலு மணி வாக்கில் அலாரம் வைத்து இன்னொரு முறை. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், தொண்டைத் தசை அப்போதுதான் மிகவும் தளரும். முன்னிரவில் மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் மூச்சு விடுறான்" என்று முடிவு செய்வது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. சட்டையை நெஞ்சு வரை தூக்கிவிட்டு, இரவு விளக்கு வெளிச்சத்தில், வாயும் நெஞ்சும் வயிறும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். மின்விசிறி இரைச்சல் பெரிதாக இருந்தால் அந்த நேரத்துக்கு வேகத்தைக் குறையுங்கள், மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். பார்க்க வேண்டியவை: வாய் திறந்திருக்கிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையை அண்ணாந்து வைத்திருக்கிறானா, நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறதா, குறட்டை திடீரென நின்று வயிறு மட்டும் அசைந்து, பிறகு ஒரு விக்கலோடோ உறுமலோடோ மூச்சு திரும்புகிறதா, ஃபேன் ஓடும்போதும் தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறதா. ஆறு மாதத்துக்கு மேல் படுக்கை நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் தூங்கி வழிவான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்வார்கள்; குழந்தைகள் பல சமயம் ஓடி ஆடி, எரிச்சல்பட்டு, வகுப்பில் உட்கார முடியாமல் இருப்பார்கள். "சேட்டை அதிகமாயிடுச்சு" என்று டீச்சர் சொல்வதற்குப் பின்னால் டான்சில் இருக்கலாம்.

இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புவார். அடினாய்டு வீக்கத்துக்கு முதலில் சில வாரம் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே முயல்வது உண்டு. தேவைப்பட்டால் ராத்திரி முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனை. அடைப்பு உறுதியானால் டான்சிலையும் அடினாய்டையும் எடுக்கும் அறுவை சிகிச்சை. குறட்டை இல்லாமல் வெறும் பல் கடிப்பு மட்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், கால். படுத்ததும் காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறானா, "கால் குறுகுறுங்குது, அமுக்கிவிடு" என்கிறானா, தூக்கத்தில் உதைக்கிறானா? அப்படியானால் இரும்புச்சத்துச் சேமிப்பு குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் ஹீமோகுளோபினோடு, அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்வார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்திருப்பது உண்டு. அளவு தெரியாமல் இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், கூடினால் நஞ்சு.

தாமதிக்கக் கூடாதது வலிப்பு. தூக்கத்தில் வரும் சில வலிப்புகள் நடை போலவும் பல் கடிப்பு போலவும் ஏமாற்றும். வித்தியாசம் இப்படித் தெரியும். தூக்க நடை முன்னிரவில், ராத்திரிக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி, சில நிமிடம் நீளும். வலிப்பு எந்த நேரத்திலும் வரும், தூங்கிய சில நிமிடத்திலும் வரும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். ஒரே ராத்திரியில் பலமுறை வரலாம். ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது போல அதே அசைவு, அதே கை, அதே பக்கம். வாயின் ஒரு பக்கம் மட்டும் துடித்து, எச்சில் வழிந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்து, குழந்தை உங்களைப் பார்த்தும் பேச முடியாமல் தவித்தால், அது பல் கடிப்பு அல்ல. இந்த வயதில் வரும் ஒருவகை வலிப்பு அப்படித்தான் இருக்கும். மருத்துவரிடம் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வேண்டும். எந்த வலிப்பும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கடும் காய்ச்சலில் குழம்பிப் பேசி, எழுப்பினாலும் தெளியாமல் இருந்தால் அதைத் தூக்க நடை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிட விசிட்டில் "ராத்திரி நடக்கிறான் டாக்டர்" என்றால் "வளர்ந்தா சரியாயிடும்மா" என்றுதான் பதில் வரும். எழுதியதைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். நீங்கள் தந்த விவரத்தை வைத்து எழுதினால் இப்படி இருக்கும். கோடிட்ட இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டும்:

"வயது 6, எடை ___. பல் கடிப்பு ஒரு வருடமாக, வாரத்தில் ___ நாள். காலையில் தாடை வலி, தலைவலி உண்டா ___. நடை: இரண்டு முறை, தேதி ___, ___. தூங்கி ___ நிமிடம் கழித்து, ___ நிமிடம் நீடித்தது. கண் திறந்திருந்தது, பதில் இல்லை, காலையில் நினைவில்லை. அன்று காய்ச்சல், தாமதத் தூக்கம் உண்டா ___. குறட்டை வாரத்தில் ___ நாள், சளி இல்லாதபோதும் உண்டா ___, மூச்சு நின்று வருகிறதா ___, வீடியோ இருக்கிறது. தூக்கம் 10:30 முதல் 6:15. மருந்து: ___ (பாட்டில் கொண்டுவந்திருக்கிறோம்), ஆரம்பித்த தேதி ___. படுக்கை நனைத்தல் ___. வலிப்பு, தூக்கத்தில் நடத்தல் குடும்பத்தில் ___."

இதில் டாக்டருக்கு அதிகம் உதவுவது "தூங்கி எத்தனை நிமிடம் கழித்து" என்பதுதான். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையனைத் தொடுங்கள்.

அந்த நேரம் வேறொன்றுக்கும் பயன்படும். தூக்கத்தைக் கூட்டி, மருந்தையும் குறட்டையையும் கவனித்த பிறகும் வாரத்துக்குப் பலமுறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தால், முன்கூட்டியே எழுப்பும் முறை இருக்கிறது. ஒன்பதேகாலுக்குத் தூங்கிப் பத்தே முக்காலுக்கு நடக்கிறான் என்று நோட்டு காட்டினால், பத்தரைக்கு நீங்களே போய்த் தோளைத் தொட்டு, கண்ணைத் திறந்து ஏதாவது முனகும் அளவுக்கு மட்டும் எழுப்பி, திரும்பத் தூங்க விட வேண்டும். நடந்த நாள் நடக்காத நாள் என்று பார்க்காமல் தினமும், இரண்டிலிருந்து நான்கு வாரம். நேரம் மாறி மாறி வந்தால் இது பலிக்காது. மாதத்துக்கு இரண்டே தடவை நடக்கும் உங்கள் பையனுக்கு இப்போதைக்கு இது வேண்டியதில்லை. எழுப்புவதாலேயே இருக்கிற தூக்கமும் குறைந்துவிடும்.